உரு 7: கையால் வரைந்த படத்தை எழுத்தில் வைத்தல்

எங்கள் ஊரில் நெடுங்காலம் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்த சேர் ஒருவரின் விரிவுரைக் கொப்பிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவர் மௌத்தான பிறகு வீட்டார் அலுமாரியைத் துப்புரவாக்கினார்கள். நானும் அவரிடம் படித்தவன் என்பதால் கூப்பிட்டுத் தந்தார்கள். மொத்தம் பதினொரு கொப்பி. சேர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. வகுப்பில் சொன்னதெல்லாம் இந்தக் கொப்பிகளில்தான் இருக்கிறது. ஓரங்கள் பூச்சி அரித்து வருவதால், இருக்கும்போதே தட்டச்சுச் செய்து வைப்போம் என்று தொடங்கினேன்.

எழுத்து எனக்குக் கஷ்டம் தரவில்லை. சேருடைய கையெழுத்து அச்சுப்போல இருக்கும். கஷ்டம் தந்தவை படங்கள். மூன்று பக்கத்துக்கு ஒன்றாவது இருக்கும். பேனாவால் வரைந்து, சுற்றிவரப் பெயர்கள் எழுதி, கோடு இழுத்து, கீழே “உரு 1”, “உரு 2” என்று எண்ணும் இட்டிருப்பார். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக் கோப்பில் ஒட்டினேன். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதினேன். அதுவே போதும் என்று நினைத்தேன்.

போதாது என்பதை எனக்கு விளங்க வைத்தவள் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. பார்வையில்லாத பிள்ளைகள் புவியியல் எடுக்க வேண்டாம், அதில் படமும் வரைபடமும் அதிகம் என்று பலரும் சொன்னதைக் கேளாமல் அந்தப் பாடத்தையே எடுத்தவள். கணினியில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை வைத்துக் காதால் படிக்கிறாள். சேருடைய கொப்பிகளை நான் தட்டச்சுச் செய்கிறேன் என்று கேள்விப்பட்டு முதலாவது கொப்பியைக் கேட்டாள். அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

“சேர், உரு ஏழுல பத்து எண்டு ஒண்டு இரிக்கி, ஆறு எண்டு ஒண்டு இரிக்கி. எது எங்க எண்டு இல்லியே?”

உரு 7 கச்சான் காற்றைப் பற்றியது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தார்க்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கே மலைநாட்டில் மழை கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது வாயும் உதடும் காய்ந்துபோகும். ஏன் அப்படி என்பதற்கு சேர் தீவின் குறுக்குவெட்டை வரைந்திருந்தார். அந்த உருவுக்கு நான் எழுதியிருந்த வரி இது:

“(படம்: மலையொன்றின் குறுக்குவெட்டு. இடது பக்கத்தில் கடல். அம்புக்குறிகள் மேலேறி வலது பக்கம் இறங்குகின்றன. மேகமும் மழையும் காட்டப்பட்டுள்ளன. 28, 10, 6 ஆகிய எண்கள் குறிக்கப்பட்டுள்ளன.)”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உருவுக்கு அடுத்த வரியில் சேர் எழுதியிருந்ததைப் பாருங்கள்: “மேலுள்ள உருவைக் கொண்டு B என்னுமிடத்தில் காற்றின் வெப்பநிலையைக் கணிக்குக.” என் வரியை வைத்து யாரும் அதைக் கணிக்க முடியாது. B என்ற எழுத்தே என் வரியில் இல்லை.

அந்தப் பிள்ளை முயன்று பார்த்திருக்கிறாள். மலையின் உயரம் 2000 மீற்றர் என்பது முந்திய பந்தியில் இருந்தது. காற்று 28 பாகையில் புறப்படுகிறது. ஏறும்போது குளிரும், இறங்கும்போது சூடேறும் என்பதும் எழுத்தில் இருந்தது. 1000 மீற்றருக்கு 10 பாகை என்பதை இரண்டு பக்கத்துக்கும் வைத்தால் 28 இலிருந்து 20 குறைந்து 8, மறுபடி 20 கூடி 28. போன காற்று போன மாதிரியே வந்துவிடுகிறது, கச்சான் இல்லை. ஏறும்போது 6, இறங்கும்போது 10 என்று வைத்தால் 16 ஆகி, பிறகு 36 ஆகிறது. ஏறும்போது 10, இறங்கும்போது 6 என்று வைத்தால் 8 ஆகி, பிறகு 20 ஆகிறது.

“கச்சான் அடிக்கக்குள்ள நம்மட ஊரில இருவது பாகையா சேர்?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொப்பியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேற்குச் சரிவில் 500 மீற்றர் உயரத்தில் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று ஓடுகிறது. மேகத்தின் தட்டையான அடி அந்தக் கோட்டில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து புள்ளிக்கோடு வரைக்கும் ஒரு வளைந்த அடைப்பு, அதன் நடுவில் 10. புள்ளிக்கோட்டிலிருந்து உச்சி வரைக்கும் இன்னொரு அடைப்பு, அதில் 6. கிழக்குச் சரிவில் உச்சியிலிருந்து கரை வரைக்கும் மூன்றாவது அடைப்பு, அதிலும் 10. ஆக, பத்து என்பது உருவில் இரண்டு தடவை இருந்தது. ஒரே எண்தானே என்று நான் ஒரு தடவை மட்டும் எழுதிவிட்டேன். புள்ளிக்கோட்டை விட்டே விட்டேன், அது வெறும் கோடு என்று நினைத்து.

சரியான கணக்கு இதுதான். முதல் 500 மீற்றரில் 5 பாகை குறைந்து 23. அங்கே காற்றிலுள்ள நீராவி ஒடுங்கி மேகமாகிறது. நீராவி நீராகும்போது அதற்குள் இருந்த மறைவெப்பம் வெளியே வருவதால், காற்று அதற்கு மேல் மெதுவாகத்தான் குளிர்கிறது. எஞ்சிய 1500 மீற்றரில், 6 பாகை வீதம், 9 குறைந்து உச்சியில் 14. ஒடுங்கிய நீர் மேற்குப் பக்கமே மழையாக விழுந்துவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்றில் ஆவியாக்க மேகம் இல்லை. ஆகவே 2000 மீற்றருக்கும் 10 பாகை வீதம் முழுதாகச் சூடேறி 20 கூடுகிறது. B இல் 34 பாகை. ஒரே காற்று, மலையைத் தாண்டியதில் 6 பாகை கூடிவிட்டது. இவை பாடத்துக்காக எடுத்த முழு எண்கள். மெய்யான வானம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆனால் காரணம் விளங்க இதுவே போதும்.

கவனித்துப் பாருங்கள். இந்த விளக்கத்தில் எண்களைவிட எடை கூடியது, ஒவ்வொரு எண்ணும் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் செல்லுபடியாகும் என்பது. படத்தில் அதைச் சொல்வது எழுத்தல்ல, எழுத்திலிருந்து இழுத்த கோடும் அடைப்பும். பார்வையுள்ளவனின் கண் அந்தக் கோட்டைத் தெரியாமலே பின்பற்றிப் போய்விடும். அதனால் படியெடுக்கும்போது பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு, கோட்டை எழுத மறந்துவிடுவோம். பெயர் குறித்த படம் எதை எடுத்தாலும், இதயத்தின் படமாக இருந்தாலும், முதலில் கைவிடப்படுவது இதுதான்.

அன்று முதல் நான் வேலை செய்யும் ஒழுங்கை மாற்றிக்கொண்டேன். படத்தை முதலில் பார்ப்பதில்லை. படத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்தை வாசித்து, சேர் இந்தப் படத்திடம் என்ன வேலை வாங்குகிறார் என்று பார்க்கிறேன். உரு 7 இல் அவர் வாங்கும் வேலை ஒரு கணக்கும் ஒரு காரணமும். ஆகவே கணக்குக்குத் தேவையான ஒவ்வொரு எண்ணும் தன் எல்லையோடு வரவேண்டும், காரணத்துக்குத் தேவையான மேகமும் மழையும் தம் இடத்தோடு வரவேண்டும். அதே மலையைத் தேயிலைச் செய்கையைக் காட்ட வரைந்திருந்தால், உயர எல்லைகளும் பயிர்ப் பெயர்களும்தான் வரவேண்டியிருக்கும். 6 பாகையா 10 பாகையா என்பது அங்கே தேவைப்படாது.

அடுத்தது, எந்த வரிசையில் சொல்வது. படத்தைப் பார்ப்பவன் எங்கிருந்தும் தொடங்கலாம். காதால் கேட்பவளுக்கு ஒரு வரிசைதான் கிடைக்கும், அதை நான்தான் தீர்மானிக்கிறேன். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பது காகிதத்தின் வரிசை. இந்த உருவுக்கு அது பொருந்தாது. காற்றுப் போகும் வழியில் நானும் போனால் ஒவ்வொரு எண்ணும் தேவைப்படும் இடத்தில் தானாக வந்து நிற்கிறது. இடது, வலது என்ற சொற்களையும் எடுத்துவிட்டேன். சேர் மேற்கை இடப்பக்கம் வைத்து வரைந்தார் என்பதை ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குப் பிறகு மேற்கு, கிழக்கு. கல்முனையில் இருப்பவளுக்குக் கடல் கிழக்கே என்று தெரியும். வலது பக்கம் கடல் என்றால், எதற்கு வலது?

இப்படித் திருத்தி எழுதியதை என் மருமகனிடம் கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை, கொப்பியைக் கண்டதில்லை. “இதை வாசிச்சுப்போட்டு நீ ஒரு படம் கீறு” என்றேன். கீறினான். மலை சரி, அடைப்புகள் சரி, எண்கள் சரி. ஆனால் மேகத்தை மலையின் இரண்டு பக்கமும் போட்டுவைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. கிழக்கே மேகம் இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. சேருடைய படத்தில் கிழக்கு வானம் வெறுமையாக இருந்தது, அந்த வெறுமைதான் பாடத்தில் பாதி. கண்ணுக்கு வெறுமை தெரியும். எழுத்தில் சொல்லாதது இல்லாததாகாது, தெரியாததாகத்தான் நிற்கும். “இங்கே ஒன்றும் வரையப்படவில்லை” என்ற வரி எத்தனை இடத்தில் தேவைப்படுகிறது என்பதை அதற்குப் பிறகுதான் கண்டேன்.

இனி எதை விடுவது. மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் சேர் இரண்டிரண்டு தென்னை மரம் கீறியிருந்தார். கடலில் ஒரு தோணி. இவற்றை விட்டேன். கிழக்கே இன்னொன்றும் இருந்தது, குடை பிடித்துக்கொண்டு வேர்வை துடைக்கும் ஒரு சின்ன மனிதன். அதையும் அலங்காரம் என்று விட்டிருந்தேன். பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை, “குடைக்காரன் எங்க சேர்? எங்கட வாப்பா அவனைப் பற்றிக் கதைப்பாரு” என்றாள். அவளுடைய வாப்பாவும் சேரிடம் படித்தவர்தான். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அவருக்குப் பாடத்தில் ஞாபகம் இருந்தது அந்தக் குடைக்காரன். ஒரு வாக்கியத்தில் அவனைச் சேர்த்தேன். தென்னைகளுக்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை.

திருத்திய வடிவத்தை முழுதாகத் தருகிறேன்:

“உரு 7 தொடக்கம். கொப்பி 1, பக்கம் 43. தலைப்பு: கச்சான் காற்று. இது இலங்கையின் மத்திய மலைநாட்டை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டு. மேற்கு இடப்பக்கம் உள்ளது. அளவுத்திட்டம் தரப்படவில்லை.

மேற்குக் கரையில், கடல்மட்டத்தில், A என்னும் புள்ளி. அதனருகே 28 பாகை. A இலிருந்து ஓர் அம்புக்குறி மேற்குச் சரிவு வழியே உச்சிக்கு ஏறுகிறது. உச்சியின் உயரம் 2000 மீற்றர். இச்சரிவில் 500 மீற்றர் உயரத்தில் கிடையாக ஒரு புள்ளிக்கோடு. அதில் ‘ஒடுங்கல் மட்டம்’ என எழுதப்பட்டுள்ளது. மேகத்தின் அடி இக்கோட்டில் தொடங்கி, மேகம் உச்சிவரை உள்ளது. மேகத்திலிருந்து மழை மேற்குச் சரிவில் மட்டும் விழுகிறது. அவ்விடத்தில் ‘வட்டவளை’ எனப் பெயர். கடல்மட்டத்திலிருந்து புள்ளிக்கோடு வரை ஓர் அடைப்பு: 1000 மீற்றருக்கு 10 பாகை. புள்ளிக்கோட்டிலிருந்து உச்சிவரை இரண்டாம் அடைப்பு: 1000 மீற்றருக்கு 6 பாகை.

உச்சியிலிருந்து அம்புக்குறி கிழக்குச் சரிவு வழியே இறங்கி, கடல்மட்டத்தில் B என்னும் புள்ளியில் முடிகிறது. B அருகே ‘மட்டக்களப்பு’ எனவும் ‘கச்சான்’ எனவும் எழுதப்பட்டுள்ளது. வெப்பநிலை எழுதப்படவில்லை; கேள்விக்குறி மட்டும் உண்டு. உச்சியிலிருந்து B வரை மூன்றாம் அடைப்பு: 1000 மீற்றருக்கு 10 பாகை. கிழக்குச் சரிவில் மேகமோ மழையோ வரையப்படவில்லை. B அருகே குடை பிடித்து வேர்வை துடைக்கும் மனிதன் ஒருவன். உரு 7 முடிவு.”

கேள்விக்குறிக்குப் பதிலாக 34 என்று நான் எழுதவில்லை. எழுதினால் அது சேருடைய உரு ஆகாது, அந்தப் பிள்ளை போடவேண்டிய கணக்கையும் நான் பறித்ததாகும். உருவில் உள்ளதைச் சொல்வது படியெடுப்பவன் வேலை. உரு கேட்கும் கேள்விக்கு விடை சொல்வது அவன் வேலையல்ல.

“உரு தொடக்கம்”, “உரு முடிவு” என்ற சொற்கள் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். முதலில் நானும் சதுர அடைப்புக்குறிதான் போட்டேன். அவளுடைய கணினி அடைப்புக்குறியை உச்சரிப்பதே இல்லை. ஆகவே சேருடைய வாக்கியம் எங்கே முடிகிறது, என்னுடையது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. என் சொல்லை அவர் சொல்லாக நினைத்து மனனம் பண்ணியிருக்கிறாள். எல்லை காதுக்கும் கேட்க வேண்டுமென்றால் அதைச் சொல்லாக எழுதத்தான் வேண்டும். அம்புக்குறியை ஒரு அடையாளமாகப் போட்டாலும் சில வேளை இதே கதி நேரலாம். “A இலிருந்து B க்கு” என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வாசிக்க முடியாத எழுத்துக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்சியின் உயரத்தில் இரண்டாவது இலக்கத்தை உருவில் பூச்சி அரித்துவிட்டது. 2, ஒரு ஓட்டை, பிறகு இரண்டு சைபர். முந்திய பந்தியில் 2000 என்று இருந்தாலும், பீதுருதாலகாலை 2524 மீற்றர் என்பதால் உருவில் 2500 என்று போட்டிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பக்கத்தின் பின்புறம் பென்சிலால் 34 என்று சின்னதாக எழுதி வட்டமிட்டிருந்தது. உச்சி 2500 என்றால், 23 இலிருந்து 12 குறைந்து 11, பிறகு 25 கூடி 36 ஆகும். 34 வருவது 2000 க்குத்தான். இதை நான் உருவின் விபரிப்புக்குள் எழுதவில்லை. உரு முடிந்த பிறகு “படியெடுத்தவர் குறிப்பு” என்று தொடங்கி, எந்த இலக்கம் அழிந்தது, எதைக் கொண்டு நிரப்பினேன் என்பதை இரண்டு வரியில் வைத்தேன். நாளைக்கு ஒருவர் அந்தக் கொப்பியை வேறு கண்ணால் பார்த்து என்னைத் திருத்த வேண்டுமென்றால் அந்த இரண்டு வரி வேண்டும்.

பெயர்களை விரித்து எழுதுவதிலும் பொறி இருக்கிறது. சேர் “ம.களப்பு” என்று சுருக்கியிருந்தார். அதை விரிப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டாவது கொப்பியைத் தட்டச்சுச் செய்து தந்த கொழும்புத் தம்பி, கிழக்குக் கரையில் “கச்சான்” என்று கண்ட இடத்தில் “நிலக்கடலைச் செய்கை” என்று திருத்தி அனுப்பிவிட்டார். அவருக்குக் கச்சான் என்றால் சுருளில் வாங்கித் தின்னும் கச்சான்தான். எழுதியிருப்பதை எழுதியபடி வைத்துவிட்டு, விளக்கம் வேண்டுமென்றால் குறிப்பில் போடுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

இந்த முறை எல்லாப் படத்துக்கும் சரிவருமா என்றால், வராது. இரண்டாவது கொப்பியில் சமவுயரக்கோட்டுப் படங்கள் தொடங்குகின்றன. ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். 100 மீற்றர், 200 மீற்றர் என்று ஒன்றுக்குள் ஒன்று. உரு 19 இல் மட்டும் பதினாறு கோடு. காற்றுக்கு ஒரு வழி இருந்தது, அந்த வழியில் போனேன். இங்கே வழி எதுவும் இல்லை. கோடு ஒவ்வொன்றாக நான்கு பக்கம் எழுதிப் பார்த்தேன். வாசித்துக் காட்டியபோது எனக்கே தலை சுற்றியது.

பழையபடி சேர் அடுத்த வரியில் என்ன கேட்டிருக்கிறார் என்று பார்த்தேன். “P இல் நிற்பவருக்கு Q தெரியுமா?” அவ்வளவுதான். அப்படியானால் முழுப் படமும் தேவையில்லை. P யையும் Q வையும் இணைக்கும் நேர்கோட்டில் அடிமட்டத்தை வைத்து, எந்த இடத்தில் எந்த உயரக்கோடு வெட்டுகிறது என்று அளந்து எழுதினேன். P இல் 300 மீற்றர். 1 சென்ரிமீற்றரில் 200. இரண்டரையில் மறுபடி 300. மூன்றரையில் 400. நாலில் மறுபடி 400. நாலரையில் 300, ஐந்தில் 200, ஆறாவது சென்ரிமீற்றரில் Q, அங்கே 100. இதைக் கேட்டவுடனே அவள் சொல்லிவிட்டாள்: “நடுவில நாநூறு எழும்பி நிக்கிது, தெரியா.” இந்த அளவுகள் சேர் எழுதியவை அல்ல, நான் அடிமட்டத்தால் எடுத்தவை. ஆகவே அவை குறிப்பில் இருக்கின்றன.

ஆனால் உரு 20 அப்படிக் கேட்கவில்லை. பள்ளத்தாக்கையும் மலைச்சுவட்டையும் கோடுகளின் வளைவைக் கொண்டு பிரித்தறியச் சொல்கிறது. கோடு “வி” எழுத்துப்போல மடிந்து, அதன் கூர் உயர்ந்த பக்கத்தைப் பார்த்தால் பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கத்தைப் பார்த்தால் மலைச்சுவடு. நான் “V வடிவம்” என்று எழுதியிருந்தேன். பிரெயிலில் எழுத்துப் படித்தவளுக்கு ஆங்கில V என்பது ஒரு புள்ளிக்கூட்டம். கூர் எங்கே, கால் எங்கே? “ப வடிவ வீடு” என்றாலும் இதேதான். அச்செழுத்தின் வடிவத்தை உவமையாக வைத்து நாம் எழுதிப் பழகிய வர்ணனைகள் எல்லாம் அச்சைக் கண்டவனுக்கு மட்டுமே.

அவளுக்கு நான் சொன்னது கையை வைத்து. கையைப் பொத்தி மேசையில் வைக்க வேண்டும், மணிக்கட்டுப் பக்கம் உயர்ந்த நிலம், விரல் பக்கம் தாழ்ந்த நிலம். மற்றக் கையின் விரலை ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டு முட்டிகளைச் சுற்றி நகர்த்தினால், முட்டி வரும் இடத்தில் விரல் வெளியே தள்ளப்படும், தாழ்ந்த பக்கமாக. அது மலைச்சுவடு. இரண்டு முட்டிக்கு இடையில் விரல் உள்ளே போகும், உயர்ந்த பக்கமாக. அது பள்ளத்தாக்கு. இரண்டாம் தடவையில் பிடித்துக்கொண்டாள். இதுவும் குறிப்பில்தான் சேர்ந்தது. விபரிப்பில், ஒவ்வொரு மடிப்பின் கூரும் எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்தத் திசையில் நிலம் உயர்கிறதா தாழ்கிறதா என்பதை மட்டும் வைத்தேன்.

நிலத்தின் முழு வடிவமும் வேண்டும் என்றால் எழுத்தால் முடியாது, அதை ஒத்துக்கொள்வதே நல்லது. உரு 23 க்கு நான் எழுதிய விபரிப்பு மூன்று வரிதான்: இது என்ன படம், கோட்டு இடைவெளி 100 மீற்றர், உச்சி இரண்டு, ஆறு வடமேற்கிலிருந்து தென்கிழக்கே ஓடுகிறது. அதன் கீழே, “இவ்வுருவின் கோடுகள் எழுத்தில் தரப்படவில்லை, தொட்டறியும் மட்டை உண்டு” என்று போட்டேன். மட்டையை வீட்டில்தான் செய்தோம். படத்தை இரண்டு மடங்காகப் பெருப்பித்து ஒட்டி, கோடுகளின் மேல் பசை தடவி, தையல் நூலைப் பதித்தோம். பதினாறு கோட்டையும் ஒட்டியபோது விரலுக்குப் பின்னிக்கொண்டு ஒன்றும் பிரியவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டைக் கழற்றிவிட்டு, ஆற்றுக்கு மட்டும் தடித்த சணல் நூல் போட்டோம். அப்போது பிரிந்தது.

அந்த மட்டை இப்போது அவளிடம் இருக்கிறது. நேற்று மறுபடியும் போன். உச்சி ரெண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மூன்று தட்டுப்படுகிறதே என்றாள். கொப்பியைப் பார்த்தேன். தெற்குப் பக்கத்தில், மடிப்புக்குள், 300 மீற்றர் என்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. மட்டை செய்தவன் என் மருமகன், அவன் கண்டிருக்கிறான். நான் காணவில்லை. மூன்று என்று திருத்திவிட்டேன்.